மருந்து போட்டும் வாயில் பூஞ்சை திரும்பத் திரும்ப வருகிறதா? பல் செட்டைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. ஆஸ்துமாவுக்கு ரோட்டாஹேலரில் காலையும் இரவும் ஒரு கேப்சூல் இழுக்கிறார். மேல் தாடை முழுக்க பல் செட். சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை. இரண்டு மாதமாக நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, காரம் பட்டால் எரிகிறது என்கிறார். மெடிக்கலில் தந்த மௌத் பெயிண்ட் தடவினால் நாலைந்து நாளில் போய்விடுகிறது, அப்புறம் மறுபடி வந்துவிடுகிறது. இது மூன்றாவது தடவை. எல்லாம் இன்ஹேலரால்தான் என்று யாரோ சொன்னதால் ஒரு வாரமாக அதை நிறுத்திவிட்டார். இரவில் லேசாக இழுக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல் வேலை, இன்று இரவே அம்மா இன்ஹேலரைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். வாயில் வரும் பூஞ்சை எரிச்சல்தான் தரும், அதைச் சரிசெய்துவிடலாம். ஆஸ்துமாக்காரர் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் திடீரென்று விட்டால் மூச்சுக்குழாயின் உள்வீக்கம் நாளாக நாளாக ஏறும். இரவில் லேசாக இழுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அதன் ஆரம்பமாகத்தான் தெரிகிறது. அவருடைய நெஞ்சு டாக்டரிடம் நிறுத்தியதைச் சொல்லிவிடுங்கள், பழைய அளவே போதுமா என்று அவர் பார்க்கட்டும். அவசரத்துக்கு வைத்திருக்கும் சால்புடமால் நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அல்லது ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால் டாக்டர் நேரம் கொடுக்கும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, வாய்க்கு வருவோம். நான் பல் மருத்துவர், அதிலும் வாய் நோய்களைப் பார்ப்பவள். உங்கள் கடிதத்தில் என் கண்ணுக்கு முதலில் பட்டது இன்ஹேலர் இல்லை, ‘மேல் தாடை முழுக்க பல் செட்’ என்ற வரிதான். மௌத் பெயிண்டைத் தடவினால் போகிறது, நிறுத்தினால் வருகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து போய்ச் சேராத ஓர் இடத்தில் பூஞ்சை பத்திரமாக உட்கார்ந்திருந்து, வாய்ப்புக் கிடைக்கும்போது திரும்ப வெளியே வருகிறது. உங்கள் அம்மா விஷயத்தில் அந்த இடம் பெரும்பாலும் பல் செட்டின் உள்பக்கமாகத்தான் இருக்கும்.

அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பகல் வெளிச்சத்தில் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பல் செட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வாயை ஒரு தடவை கொப்பளித்துவிட்டு தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறக்கட்டும். போன் டார்ச்சை அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். ஆரோக்கியமான அண்ணம் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். பல் செட்டுக்குக் கீழே பூஞ்சை இருந்தால் அண்ணம் செக்கச்செவேல் என்று இருக்கும், சிலருக்கு வெல்வெட் துணி மாதிரி, சிலருக்குச் சிறுசிறு பருக்கள் எழும்பிய மாதிரி. முக்கியமான அடையாளம் அந்தச் சிவப்பின் எல்லை. பல் செட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ சரியாக அங்கேயே சிவப்பும் முடியும், அதற்கு வெளியே சதை சாதாரண நிறத்தில் இருக்கும். கழற்றிய செட்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் வடிவத்தை அப்படியே அண்ணத்தில் அச்செடுத்தது போலத் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்கவே மறக்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சிவப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை. அண்ணம் முழுக்கச் சிவந்து வீங்கியிருக்கும்போதுகூட ‘எனக்கு அங்கே ஒண்ணும் இல்லையே டாக்டர்’ என்று சொல்லும் பெரியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நாக்கில் வெள்ளையாக இருப்பது கண்ணில் படுகிறது, காரம் பட்டு எரிகிறது, அதனால் எல்லோரும் வெள்ளையைத் துரத்துகிறார்கள். அண்ணத்துச் சிவப்பை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பகலெல்லாம் அதன் மேல் ஒரு மூடி இருக்கிறது. கீழ்த் தாடை செட்டுக்குக் கீழே இது அவ்வளவாக வராது. கீழ் செட் கொஞ்சம் ஆடும், எச்சில் உள்ளே போய்வரும். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் எச்சிலின் பாதுகாப்பு அந்த இடத்துக்குக் கிடைப்பதே இல்லை.

அதே டார்ச்சில் இன்னும் மூன்று இடம் பாருங்கள். நாக்கிலும் கன்னத்திலும் இருக்கும் வெள்ளையை ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். பூஞ்சை என்றால் தயிர் ஆடை மாதிரி வழித்துக்கொண்டு வரும், அடியில் சிவந்த சதை தெரியும், லேசாக ரத்தம்கூடக் கசியலாம். ரொம்ப அழுத்தித் தேய்க்க வேண்டாம், வருகிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். அடுத்தது, உதட்டின் இரண்டு ஓரங்களும் வெடித்துச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். செட் பழசாகித் தேய்ந்தால் வாய் மூடும் உயரம் குறைந்து, உதட்டு ஓரத்தில் மடிப்பு விழும். அந்த மடிப்பில் எச்சில் தேங்கி, பூஞ்சையும் சில சமயம் பாக்டீரியாவும் குடியேறிவிடும். மூன்றாவது, தொண்டைக்கு மேலே தொங்கும் உள்நாக்கைச் சுற்றிய மென்மையான பகுதி. இன்ஹேலர் பவுடர் போய் மோதும் இடம் அதுதான். வெள்ளையோ சிவப்போ அங்கே இருந்தால் இன்ஹேலருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இன்ஹேலருக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து ஒட்டிக்கொள்வதில்லை. நல்ல ஆரோக்கியமானவர்களில் பாதிப் பேர் வாயில் அது ஏற்கனவே சத்தமில்லாமல் இருக்கத்தான் செய்கிறது. எச்சிலும், வாய்ச் சவ்வின் எதிர்ப்புசக்தியும், மற்ற கிருமிகளும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கும். புடெசோனைடு, ஃப்ளுடிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலரில் இழுக்கும் மருந்தில் பாதிக்கும் மேல் நுரையீரல்வரை போவதில்லை, வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். படிந்த இடத்தில் அந்த எதிர்ப்புசக்தியை அது கொஞ்சம் தூங்கவைக்கும், அந்த நேரம் பார்த்துப் பூஞ்சை பெருகும். ஃபார்மோட்டெரால், சால்மெட்டெரால் சேர்ந்த கேப்சூல் என்றாலும் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது, கதை அதேதான். சால்புடமால் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பிரச்சனை வராது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாய் முழுக்க ஸ்டீராய்டு படிகிறது, சுகரும் இருக்கிறது, அதோடு பூஞ்சை தங்குவதற்கு ஒரு வீடும் வாய்க்குள்ளேயே இருக்கிறது. பல் செட் செய்யும் அக்ரிலிக் பார்ப்பதற்குத்தான் வழவழப்பு. வெளிப்பக்கம் பாலிஷ் செய்திருப்பார்கள், அண்ணத்தில் உட்காரும் உள்பக்கம் பாலிஷ் செய்யப்படுவதில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பூஞ்சை அதற்குள் இறங்கி, பாக்டீரியாவோடு சேர்ந்து ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் ஊடுருவாது, வாய் கொப்பளிக்கும் தண்ணீரும் அதை அசைக்காது. நாக்கில் மருந்து தடவிவிட்டு அதே செட்டைத் திரும்ப மாட்டினால், சுத்தமான அண்ணத்தில் பூஞ்சையை நாமே கொண்டுபோய் ஒட்டவைக்கிறோம்.

அதனால் வைத்தியம் இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும், வாயிலும் செட்டிலும்.

நீங்கள் சொல்லும் மௌத் பெயிண்ட் பெரும்பாலும் 1 சதவீத க்ளோட்ரிமசோலாக இருக்கும், பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் வாய்ப்புண்ணுக்கு என்று மரத்துப்போக வைக்கும் ஜெல்லையோ ஸ்டீராய்டு களிம்பையோ கையில் கொடுத்துவிடுகிறார்கள். முதலாவது எரிச்சலை மறைக்கும், இரண்டாவது பூஞ்சையை இன்னும் வளர்க்கும், இரண்டும் வேண்டாம். க்ளோட்ரிமசோல் என்றால் மருந்து சரிதான், தடவும் முறையையும் நாள் கணக்கையும்தான் மாற்ற வேண்டும். சாப்பிட்ட பிறகு செட்டைக் கழற்றி வாயைக் கொப்பளித்து, சுத்தமான விரலில் பத்துச் சொட்டுக்குக் குறையாமல் விட்டு நாக்கு, கன்னம், மேலண்ணம் எல்லா இடத்திலும் தடவ வேண்டும். தடவி அரை மணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, செட்டையும் மாட்டக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு தடவை. வெளியே போக செட் வேண்டுமே என்றால், கழுவித் துடைத்த செட்டின் உள்பக்கத்திலும் கொஞ்சம் மருந்தைத் தடவி மாட்டிக்கொள்ளலாம். முடிந்தால் வீட்டில் இருக்கும் நேரத்தில் செட் இல்லாமல் இருப்பதே நல்லது. இந்த இரண்டு வாரத்துக்குக் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் என்று சமாளித்துக்கொள்ளலாம்.

நாள் கணக்குதான் பலர் தவறவிடும் இடம். வெள்ளை மறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து நாளில் கண்ணுக்குத் தெரிவதுதான் போகும், சவ்வுக்குள் இருப்பது இருக்கும். இரண்டு வாரம் முழுசாகத் தடவுங்கள். அண்ணத்தின் சிவப்பு அதற்குள் மங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தால் பல் டாக்டர் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு வாரம் நீட்டுவார், பல் செட்டுக்குக் கீழே வரும் சிவப்புக்கு அப்படி நீளுவது சகஜம். உதட்டு ஓரம் வெடித்திருந்தால் அதற்குத் தனியாக ஒரு க்ரீம் எழுதித் தருவார்.

டாக்டர்கள் வேறு மருந்தும் எழுதலாம். நிஸ்டாட்டின் சொட்டு மருந்து என்றால் அதை உடனே விழுங்காமல் வாயில் இரண்டு மூன்று நிமிடம் சுழற்றி வைத்திருக்க வேண்டும். அது குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவதே இல்லை, வாயில் பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் வேலை செய்கிறது. சில தயாரிப்புகளில் சர்க்கரை உண்டு, அம்மாவுக்குச் சுகர் இருப்பதை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். மிகோனசோல் ஜெல் நல்ல மருந்துதான். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தொடவே கூடாது. வெறும் ஜெல்தானே என்று நினைக்க வேண்டாம், அதில் ரத்தத்தில் ஏறும் அளவே வார்ஃபரினின் வேலையை அதிகமாக்கி ரத்தக்கசிவைக் கொண்டுவந்துவிடும். உங்கள் அம்மா சாப்பிடுவதாக எழுதவில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் இருக்கலாம்.

இங்கே உங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மூன்றாவது தடவை வருகிறது என்று சொன்னால் மெடிக்கலில் ஃப்ளுகோனசோல் 150 மாத்திரை ஒன்றைக் கொடுத்து ‘இதைப் போடுங்க, வேரோடு போயிடும்’ என்பார்கள். அந்த ஒற்றை மாத்திரைக் கணக்கு பெண்ணுறுப்பில் வரும் பூஞ்சைக்கானது. வாய்க்கு ஃப்ளுகோனசோல் தேவைப்பட்டால் ஒன்று முதல் இரண்டு வாரம் தினமும் சாப்பிட வேண்டும், தடவும் மருந்துக்கு அடங்காதபோதுதான் அதற்கே போவோம். அதைவிட முக்கியம், அம்மா சாப்பிடும் கிளிமெபிரைடை உடம்பு கழிக்கும் வழியை ஃப்ளுகோனசோல் அடைக்கிறது. கிளிமெபிரைடு ரத்தத்தில் தேங்கி, சுகர் சட்டென்று இறங்கலாம். வாய் எரிச்சலால் சாப்பாடும் குறைந்திருக்கும் நேரம் அது, இரவில் வியர்த்து மயங்கி விழுந்தால் பூஞ்சை மாத்திரையால் என்று யாருக்கும் தோன்றாது. கொழுப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடும், இதயத் துடிப்பு மாத்திரைகளோடும் அதற்கு ஒத்துப்போகாது. டாக்டர் எழுதினால், அம்மாவின் மருந்துச் சீட்டு முழுவதையும் அவர் பார்த்துவிட்டு எழுதட்டும்.

அடுத்தது செட். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றி ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதற்கென்று தனியாக வைத்திருக்கும் மெத்தென்ற பிரஷ்ஷில் தேய்க்க வேண்டும், முக்கியமாக அண்ணத்தில் உட்காரும் உள்பக்கம். பற்பசை வேண்டாம். அதில் இருக்கும் நுண்துகள் அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலில் பூஞ்சை இன்னும் வசதியாக உட்காரும். சாதாரணக் கைகழுவும் சோப்போ ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமோ போதும், நன்றாக அலசிவிடுங்கள். தேய்க்கும்போது வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். ஈரக் கையில் வழுக்கி விழுந்து இரண்டாக உடைந்த செட்டோடு வருபவர்கள் நிறைய.

தேய்த்தது மட்டும் பூஞ்சைக்குப் போதாது, ஊறவைக்கவும் வேண்டும். வைத்தியம் நடக்கும் நாட்களில் 0.2 சதவீத க்ளோர்ஹெக்ஸிடின் மௌத்வாஷில் செட் முழுகும்படி காலையும் இரவும் 15 நிமிடம் வைத்து, எடுத்து அலசுங்கள். மாதக் கணக்கில் செய்தால் செட்டில் பழுப்புக் கறை ஏறும், வைத்தியம் முடிந்ததும் நிறுத்திவிடலாம். ஒரு விஷயம், நிஸ்டாட்டின் எழுதியிருந்தால் அதையும் க்ளோர்ஹெக்ஸிடினையும் ஒரே நேரத்தில் வாயில் சேர்க்கக்கூடாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். துணிக்குப் போடும் ப்ளீச்சை நீங்களாக அளந்து ஊற்ற வேண்டாம், கம்பியோ உலோகத் தகடோ உள்ள செட்டை அது அரித்துவிடும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. கிருமி சாகும் என்று நல்ல எண்ணத்தில் வெந்நீரில் போட்டு, செட் வளைந்து, அப்புறம் அண்ணத்தில் சரியாக உட்காராமல் புண் பண்ணி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறின தண்ணீர் மட்டும்தான்.

இரவில் செட்டைக் கழற்றியே ஆக வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் அம்மாவிடம் சாதிக்க முடியும் என்றால் இதைச் சாதியுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பு ரொம்பக் குறைந்துவிடும், ஏழெட்டு மணி நேரம் அண்ணம் மூடியே கிடந்தால் பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அம்மா தயங்குவார். செட் இல்லாத முகத்தோடு வீட்டில் பேரப்பிள்ளைகள் முன்னால், மருமகன் முன்னால் இருக்கப் பல அம்மாக்களுக்குக் கூச்சம். நான் பார்க்கும் பெண்களில் பலர் கணவர் தூங்கிய பிறகுகூடக் கழற்றுவதில்லை. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ‘கழற்றும்மா’ என்று எல்லார் முன்னாலும் சத்தம் போடாதீர்கள். படுக்கப் போகும் அறையிலேயே மூடியுள்ள ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள். விளக்கை அணைத்ததும் கழற்றிப் போட்டுவிட்டு, காலையில் எழுந்ததும் கழுவி மாட்டிக்கொள்ளட்டும். டப்பாத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், டப்பாவையும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை அதில் வளரும்.

இன்ஹேலர் எடுக்கும் வரிசையை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பல் தேய்ப்பதற்கும் சாப்பிடுவதற்கும் முன்னால் இன்ஹேலர் என்று வைத்துக்கொண்டால் அதன்பின் வாய் தானாகக் கழுவப்படும். அம்மா செட்டைக் கழற்றிவிட்டு இழுக்கட்டும். சிலருக்குச் செட் இல்லாமல் உதடு ரோட்டாஹேலரின் வாய்ப்பகுதியைக் காற்றுப் புகாமல் கவ்வாது, பவுடர் வெளியே சிதறும். அப்படியென்றால் செட்டோடே இழுக்கட்டும், இழுத்து முடித்த கையோடு கழற்றிக் கழுவட்டும். ஆனால் பேசும்போதே ஆடி விழும் அளவு தளர்ந்த செட் என்றால் கழற்றாமல் இழுக்கவே கூடாது. ரோட்டாஹேலரில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பவுடர் உள்ளே போகாமல் நாக்கிலும் தொண்டையிலும் கொட்டிவிடும், ஆஸ்துமாவும் அடங்காது, பூஞ்சையும் வரும். ஒரு தடவை நெஞ்சு டாக்டர் முன்னால் அம்மாவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இழுத்து முடித்ததும் வாயில் தண்ணீர் எடுத்துக் கன்னத்துக்குள் நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அடுத்து இன்னொரு வாய் தண்ணீர் எடுத்து, தலையைச் சாய்த்துத் தொண்டையில் களகளவென்று கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒன்றும் செய்யாததற்கு அது மேல்தான், ஆனால் கன்னத்திலும் நாக்கடியிலும் படிந்தது அப்படியே இருக்கும், மீதி மருந்தும் வயிற்றுக்குப் போகும். பத்து நிமிடம் கழித்துச் செய்யலாம் என்றும் வைக்காதீர்கள். சாதாரணத் தண்ணீர் போதும், உப்புத் தண்ணீர் பிடித்தால் அதுவும் நல்லதுதான். தேன் தடவுவது வேண்டாம்.

ஸ்பேசர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அழுத்தினால் புகை வரும் பம்ப் இன்ஹேலருக்குத்தான் ஸ்பேசர் பொருந்தும், அதற்கு அது பெரிய உதவி. வாயில் படியவேண்டிய பெரிய துளிகள் ஸ்பேசரின் சுவரிலேயே நின்றுவிடும். ரோட்டாஹேலருக்கு ஸ்பேசர் கிடையாது. இவ்வளவும் செய்தும் அம்மாவுக்குப் பூஞ்சை திரும்பினால், பம்ப்பும் ஸ்பேசரும் என்று மாற்ற முடியுமா, ஆஸ்துமா நன்றாக அடங்கியிருந்தால் ஸ்டீராய்டு அளவைக் குறைக்க முடியுமா, நுரையீரலுக்குப் போன பிறகே முழுசாகச் செயல்படத் தொடங்கும் சிக்லெசோனைடு ஒத்துவருமா என்று நெஞ்சு டாக்டரிடம் கேளுங்கள். மாற்றுவது அவர் முடிவு, நீங்களாகக் கேப்சூலைக் குறைக்கக் கூடாது.

சுகரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை. சுகர் ஏறியிருக்கும் வாயில் பூஞ்சைக்கு எச்சிலிலேயே சாப்பாடு கிடைக்கும். கூடவே பி12, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்க்கச் சொல்லுவேன். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அப்போது நாக்கு வழவழவென்று சிவந்து, பூஞ்சை போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும். நம் ஊரில் வாயில் எது வந்தாலும் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறது. குறைபாடு இருந்தால் உதவும், பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. சமீபத்தில் ஆன்டிபயாடிக் கோர்ஸ் ஏதாவது முடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பூஞ்சையை அடக்கிவைத்திருக்கும் பாக்டீரியாவை அது அழித்திருக்கலாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்டால், விழுங்கும்போது நெஞ்சு நடுவில் வலித்தால் அல்லது சோறு இறங்காமல் மாட்டினால், பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்கு மௌத் பெயிண்ட் எட்டாது, மாத்திரைதான் வேண்டும், சில சமயம் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டிவரும். இன்ஹேலர் எடுப்பவருக்குக் குரல் கட்டுவது சகஜம், ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டர் குரல்வளையைப் பார்க்கட்டும்.

இன்னொன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். அம்மா வெற்றிலை பாக்கு போடுவாரா, புகையிலை வைப்பாரா? நீங்கள் எழுதவில்லை. துடைத்தால் வராத வெள்ளைப் படலம், ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தொட்டால் தடித்திருக்கும் இடம், இதில் எதுவானாலும் பூஞ்சை என்று வைத்துக்கொண்டு மருந்து தடவிக்கொண்டே இருக்காதீர்கள். புற்றுநோய்க்கு முந்தைய திட்டுகளின் மேலும் கேண்டிடா வளரும், மருந்து போட்டால் அதில் கொஞ்சம் மங்கி, ‘சரியாகிறது’ என்று ஏமாற்றும். இரண்டு வாரம் ஒழுங்காக மருந்து போட்ட பிறகும் ஒரு திட்டு அதே இடத்தில் நின்றால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வாயை மரத்துப்போக வைத்துச் செய்யும் சின்ன வேலைதான், தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், செட்டை டப்பாவில் எடுத்துப் போங்கள், இன்ஹேலரையும் மாத்திரைச் சீட்டையும் கூடவே. செட் எத்தனை வருடம் ஆனது என்று அவர் கேட்பார். பல் எடுத்த பிறகு ஈறு எலும்பு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், செட் மட்டும் அப்படியே இருக்கும். தளர்ந்த செட் ஆடி ஆடி அண்ணத்தை உரசும், உரசிய சதையில் பூஞ்சை எளிதாக இறங்கும். உள்பக்கத்துக்கு மட்டும் புது அக்ரிலிக் போட்டு இறுக்கமாக்க முடியும், அது புது செட்டைவிட மலிவு. கறுத்து, வெடிப்பு விழுந்து, வாடை பிடித்த செட் என்றால் அதைத் தேற்றப் பார்ப்பதில் பயனில்லை, புதிது செய்வதே நல்லது. ஆனால் எதுவானாலும் அண்ணத்தின் சிவப்பு முழுக்க அடங்கிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். வீங்கிய சதைக்கு அளவெடுத்தால், வீக்கம் வற்றியதும் புது செட்டும் தளர்ந்துபோகும். அவசரப்பட்டு இந்த வாரமே அளவு கொடுக்கச் சொல்லாதீர்கள், இரண்டு வாரம் பொறுத்துப் போங்கள்.